விடுப்புக் கணக்கில் தவறாகக் கழித்த நாள்களை மீட்க ஆதாரத்தோடு கடிதம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தலைமை அலுவலகம் சென்னையில், கிளை நாகர்கோவிலில், வருகைக் கணக்கு முழுக்க மென்பொருளில். குமரி மாவட்டத்தில் இப்படி வேலை பார்ப்பவர்களுக்கு லீவ் கணக்கில் ஒரு நாள், அரை நாள் குறைவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இங்கே உள்ளூர் விடுமுறை என்பதோ, மார்த்தாண்டத்துக்கு வேலையாகப் போனவர் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டார் என்பதோ மென்பொருளுக்குத் தெரியாது. பஞ்ச் இல்லையென்றால் ஆள் இல்லை என்று எழுதிக்கொள்ளும்.

"என் லீவை அநியாயமாகக் கழித்துவிட்டீர்கள்" என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. எந்தத் தேதி, எவ்வளவு, எந்தக் கணக்கில், எந்த ஆவணத்தின் எந்த வரி என்று எழுதினால் மனிதவளப் பிரிவில் இருப்பவர் அதை அப்படியே திருத்தப் பதிவாகப் போட்டுவிட முடியும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வகைக் கடிதத்துக்கு. தனியார் நிறுவன ஊழியர்களை மனதில் வைத்து எழுதியது. அரசு ஊழியர்களுக்குப் பணிப் பதிவேடு, விடுப்பு விதிகள் எல்லாம் தனி வழி.

கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம். நாகர்கோவில் கிளையில் கணக்கு உதவியாளராக இருக்கும் ஒருவருக்கு 2025 டிசம்பர் 1 அன்று தற்செயல் விடுப்பு (சி.எல்.) 2 நாளும், ஈட்டிய விடுப்பு (இ.எல்.) 17 நாளும் இருப்பு. அந்த மாதம் அவர் எடுத்த லீவ் 19, 29 ஆகிய இரண்டு நாள்தான். ஆனால் டிசம்பர் 31 அன்று போர்ட்டலில் சி.எல். 0, இ.எல். 15.5 என்று காட்டுகிறது. இந்த நிறுவனத்தில் சி.எல். டிசம்பர் 31 உடன் காலாவதியாகும், இ.எல். அடுத்த ஆண்டுக்குப் போகும். இந்த ஒரு விதியால் கடிதத்தின் கோரிக்கையே மாறிவிடுகிறது. அதை மூன்றாம் பகுதியில் பார்க்கலாம்.

## 1. யாரிடமும் பேசுவதற்கு முன் பதிவுகளை இறக்கி வையுங்கள்

முதல் வேலை பதிவுகளைச் சேமிப்பது. பேச்சு அதற்குப் பிறகு. நீங்கள் போய்க் கேட்டதும் யாராவது அவசரமாக ஒரு வரியை மாற்றிவிடக்கூடும். பாதி சரியாகி, பாதி வேறு விதமாகத் தவறாகி நிற்கும். முதலில் என்ன இருந்தது என்று காட்ட அப்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது. சில போர்ட்டல்களில் மாதக் கணக்கை மூடியபின் பழைய விவரம் சுருக்கமாக மட்டுமே தெரியும்.

எடுக்க வேண்டியவை இவை:

- ஆண்டு முழுவதற்குமான லீவ் லெட்ஜர். எந்தத் தேதிக்கு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு கழிந்தது என்று வரி வரியாக இருப்பது.
- டிசம்பர், ஜனவரி மாத வருகைத் தாள்.
- சிக்கலான தேதிகளுக்கு விரல்ரேகைக் கருவியின் பஞ்ச் பதிவு.
- எடுத்த லீவுக்கான விண்ணப்பமும் ஒப்புதலும்.
- உங்கள் கிளைக்கான விடுமுறைப் பட்டியல், அதற்குப் பின் வந்த சுற்றறிக்கைகள்.
- நிறுவனத்தின் லீவ் விதிகளில் சி.எல்., இ.எல். பற்றிய பக்கங்கள்.
- நவம்பர், டிசம்பர், ஜனவரி சம்பளச் சீட்டு.

பலரும் இருப்பைக் காட்டும் முகப்புப் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் 15.5 என்ற எண் இருக்குமே தவிர, எந்தத் தேதியால் அது வந்தது என்று இருக்காது. லெட்ஜரைப் பி.டி.எஃப். ஆக இறக்க முடிந்தால் அதுவே நல்லது. ஸ்கிரீன்ஷாட்தான் வழி என்றால் உங்கள் பணியாளர் எண்ணும், எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். இறக்கிய கோப்புகளின் ஒரு நகலை அலுவலகக் கணினிக்கு வெளியேயும் வையுங்கள். வேலையை விட்டு விலகும் நாளில் போர்ட்டல் நுழைவு மூடப்பட்டுவிடும்.

ஏன் ஜனவரி வருகைத் தாளும் வேண்டும்? பல நிறுவனங்களில் சம்பளச் சுற்று ஒரு மாதத்தின் 26 முதல் அடுத்த மாதத்தின் 25 வரை. அதன்படி டிசம்பர் 29 அன்று எடுத்த லீவ் ஜனவரித் தாளில்தான் இருக்கும். லீவ் லெட்ஜரோ காலண்டர் மாதப்படி ஓடும். இந்த இரண்டு சுற்றையும் குழப்பிக்கொண்டு, "டிசம்பர் தாளில் இல்லாத லீவைக் கழித்திருக்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த ஒரு வரி தவறானால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

## 2. லெட்ஜரின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையை எழுதுங்கள்

லெட்ஜரில் டிசம்பர் மாதத்துக்கு நான்கு கழிவு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, அன்று நடந்தது என்ன, அதற்குக் காகிதம் என்ன என்று எழுத வேண்டும்.

- டிசம்பர் 3, புதன். லெட்ஜரில் சி.எல். 1 கழிவு. வருகைத் தாளில் `A`, அதாவது வரவில்லை. உண்மையில் அன்று கிளைக்கு உள்ளூர் விடுமுறை.
- டிசம்பர் 11, வியாழன். சி.எல். 0.5 கழிவு. தாளில் `HD`, அரை நாள். காலை பஞ்ச் 9.24, மாலை பஞ்ச் இல்லை. பிற்பகல் மார்த்தாண்டத்தில் வெளிப்பணி.
- டிசம்பர் 19, வெள்ளி. சி.எல். 0.5, இ.எல். 0.5 கழிவு. அன்று லீவ் எடுத்தது உண்மை. சி.எல். ஆகத்தான் விண்ணப்பித்திருந்தார்.
- டிசம்பர் 29, திங்கள். இ.எல். 1 கழிவு. இதுவும் எடுத்த லீவ்தான், விண்ணப்பித்தது சி.எல்.

முதல் இரண்டு வரிகளில் கழித்ததே தவறு. அடுத்த இரண்டில் கழித்தது சரி, கழித்த கணக்குதான் தவறு. இப்படி இரண்டு வகையாகப் பிரிப்பது முக்கியம். பிரிக்காவிட்டால் நான்கு நாளுமே தவறு என்று எழுதிவிடத் தோன்றும்.

எடுத்த லீவை எடுத்தேன் என்று கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். படிப்பவர் லீவ் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கத்தான் போகிறார். 19-ம் 29-ம் சரி என்று நீங்களே சொல்லியிருந்தால், 3-ம் 11-ம் தவறு என்று சொல்வதைச் சந்தேகப்படாமல் எடுத்துக்கொள்வார்.

## 3. இருக்க வேண்டிய இருப்பைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்

எழுதுபவர்களில் மிகப் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தவறாகக் கழிந்தது 1.5 நாள். இரண்டு தேதியிலும் அது சி.எல். கணக்கிலிருந்துதான் போனது. அதனால் "1.5 நாள் சி.எல்.-ஐத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால், மனிதவளப் பிரிவு ஜனவரியில் 2025-ன் சி.எல். கணக்கில் 1.5 ஏற்றும். டிசம்பர் 31 உடன் காலாவதியாகும் கணக்கு அது, ஏற்றியதும் மறைந்துவிடும். அவர்கள் "திருத்திவிட்டோம்" என்று பதில் போடுவார்கள், அது பொய்யும் இல்லை. உங்களுக்கோ ஒரு நாளும் கிடைத்திருக்காது.

உண்மையில் இழப்பு எங்கே விழுந்தது என்று பார்க்க, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

| தேதி | விவரம் | லெட்ஜரில்: சி.எல். / இ.எல். இருப்பு | இருக்க வேண்டியது: சி.எல். / இ.எல். இருப்பு |
|---|---|---|---|
| 01-12-2025 | தொடக்க இருப்பு | 2 / 17 | 2 / 17 |
| 03-12-2025 | உள்ளூர் விடுமுறை | 1 / 17 | 2 / 17 |
| 11-12-2025 | வெளிப்பணி | 0.5 / 17 | 2 / 17 |
| 19-12-2025 | எடுத்த லீவ் | 0 / 16.5 | 1 / 17 |
| 29-12-2025 | எடுத்த லீவ் | 0 / 15.5 | 0 / 17 |

கடைசி வரியைப் பாருங்கள். சி.எல். இரண்டு பக்கமும் 0. குறைவு முழுக்க இ.எல்.-இல் இருக்கிறது: 17-க்குப் பதில் 15.5. மாதத் தொடக்கத்தில் சி.எல்.-ஐத் தவறாகத் தின்றதால், பின்னால் எடுத்த உண்மையான லீவுக்கு சி.எல். போதாமல் இ.எல்.-இல் கை வைத்திருக்கிறது மென்பொருள். ஆகவே கேட்க வேண்டியது 1.5 நாள் இ.எல். அதோடு 2026 ஜனவரி 1-இன் தொடக்க இருப்பையும் அதற்கேற்ப மாற்றக் கேட்க வேண்டும்.

இந்த அட்டவணையைக் கடிதத்தின் உடலிலேயே போடுங்கள், இணைப்பாக ஒதுக்காதீர்கள். திருத்துகிறவர் முதலில் தேடுவது இதைத்தான். அட்டவணையின் தொடக்க இருப்பு, மறுக்கப்படாத ஒரு தேதியின் இருப்பாக இருக்க வேண்டும். நவம்பர் இறுதி இருப்பில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை என்பதால் டிசம்பர் 1-இலிருந்து தொடங்கியிருக்கிறோம். அதற்கு முன்பே தவறு இருந்தால் அந்தத் தேதிக்கும் முன்னால் போய்த் தொடங்குங்கள்.

இ.எல். இருப்பும் தீர்ந்துபோய் சம்பளத்தில் பிடித்திருந்தால், லெட்ஜரில் இருப்பு குறைந்ததாகத் தெரியாது. சம்பளச் சீட்டில் ஊதியமில்லா நாள் என்று வரும். அப்போது கேட்க வேண்டியது பணம். சம்பளச் சீட்டின் அந்த வரியைக் காட்டி, பிடித்த தொகையைத் தனிப் பத்தியாகக் கேளுங்கள்.

## 4. உள்ளூர் விடுமுறை நாளுக்கு எது ஆதாரம்

குமரி மாவட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறைகள் ஆண்டில் பல. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை, 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 என்று வரிசை உண்டு. சென்னையில் இருந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே காலண்டரை ஏற்றும் மென்பொருளில் இவை எதுவும் இருக்காது.

ஆனால் ஆட்சியரின் அறிவிப்பை மட்டும் இணைத்தால் போதாது. அந்த அறிவிப்பு மாநில அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படி அறிவிக்கப்படும் பொது விடுமுறை அல்ல என்பதை வழக்கமாக அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அதனால்தான் வங்கிகள் அன்று திறந்திருக்கும். தனியார் நிறுவனம் அதற்குத் தானாகக் கட்டுப்படாது. பத்திரிகைச் செய்தியின் நறுக்கை மட்டும் ஒட்டி அனுப்பினால் "அது நமக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது நிறுவனமே அன்றைக்கு விடுமுறை விட்டது என்பதற்கான காகிதம். அது இரண்டு விதத்தில் இருக்கலாம்.

முதலாவது, ஆண்டு விடுமுறைப் பட்டியல். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளோடு ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்துடன் விடுமுறை. நாகர்கோவில் கிளைக்கான ஐந்தில் ஒன்றாக டிசம்பர் 3 இருந்தால் வேறு ஆதாரமே தேவையில்லை. அந்தப் பக்கத்தை இணைத்து வரியைச் சுட்டுங்கள்.

இரண்டாவது, கிளை மேலாளரின் சுற்றறிக்கை. நம் எடுத்துக்காட்டில் இதுதான் இருக்கிறது: "டிசம்பர் 3 புதன்கிழமை கிளைக்கு விடுமுறை, அதற்கு ஈடாக டிசம்பர் 13 சனிக்கிழமை வேலை நாள்." இந்த நிறுவனத்தில் இரண்டாம், நான்காம் சனி வார விடுமுறை, 13 இரண்டாம் சனி. ஆகவே 13-ஆம் தேதியின் பஞ்ச் பதிவுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம். வருகைத் தாளில் அன்று `WO`, வார விடுமுறை என்று போட்டிருந்தாலும் அதே வரியில் 9.18-க்கு உள்ளே, 5.52-க்கு வெளியே என்று நேரம் பதிவாகியிருக்கும். விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் பஞ்ச் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, சுற்றறிக்கையைத் தவிர வேறு பதில் கிடையாது.

இங்கே பேராசை வேண்டாம். 3-ஆம் தேதிக்கு லீவையும் திருப்பிக் கேட்டு, 13-ஆம் தேதி வேலை பார்த்ததற்கு ஈடாக இன்னொரு நாள் விடுப்பும் கேட்டால் ஒரே நாளை இரண்டு முறை கேட்டதாகும். நீங்கள் 13 அன்று வராமல் இருந்திருந்தால், 3-க்கான கழிவு போனாலும் 13-க்கு ஒரு நாள் கழியும். கடிதம் எழுதும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றறிக்கை வாய்மொழியாகவோ, வாட்ஸ்அப் குழுவிலோ மட்டும் வந்திருந்தால், "டிசம்பர் 3 அன்று கிளை மூடியிருந்தது, 13 அன்று இயங்கியது என்று உறுதிப்படுத்துங்கள் சார்" என்று கிளை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, அவர் பதிலை வாங்குங்கள். அவர் பதில் போட்டால் அதுவே ஆவணம். இதே தவறு உடன் வேலை செய்பவர்களுக்கும் நடந்திருக்கும். ஆளுக்கொரு கடிதம் கொடுப்பதே நல்லது. இருப்பு ஒவ்வொருவருக்கும் வேறு என்பதால் கூட்டுக் கடிதத்தில் கணக்கு தெளிவாக வராது.

## 5. பஞ்ச் விடுபட்ட நாளுக்கு எது ஆதாரம்

முதலில் வருகைத் தாளையும் பஞ்ச் பதிவையும் வேறு வேறாகப் பாருங்கள். பஞ்ச் பதிவு என்பது கருவி பிடித்த நேரம், அப்படியே. வருகைத் தாள் என்பது அந்த நேரத்தை விதிகளில் போட்டு மென்பொருள் எடுத்த முடிவு. `HD` என்பது முடிவு, 9.24 என்பது பதிவு. முடிவை மறுக்கப் பதிவைக் காட்ட வேண்டும். போர்ட்டலில் பஞ்ச் பதிவு தெரியவில்லையென்றால், கருவியைப் பார்த்துக்கொள்பவரிடமோ கிளை நிர்வாகத்திடமோ அந்த ஒரு தேதிக்கு மட்டும் எழுதிக் கேளுங்கள். மாலையில் பஞ்ச் செய்தும் பதிவாகாமல் போயிருந்தால், மின்வெட்டாலோ நெட் இல்லாததாலோ கருவியிலேயே தங்கிப்போன பதிவு சில சமயம் அங்கே கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் பஞ்ச் செய்யவே வாய்ப்பில்லை. 2.30-க்குக் கிளம்பி மார்த்தாண்டத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் கணக்கு சரிபார்த்து, 5.40-க்கு முடித்து அங்கிருந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். இதை நிரூபிக்க நிறுவனத்தின் சொந்தப் பதிவிலிருந்து தொடங்குங்கள். நீங்களாக உண்டாக்கிய எதையும் விட அது வலுவானது.

- வெளிப்பணிப் பதிவேட்டில் 2.30 என்று எழுதிய வரி. பக்கத்தின் நகலில் மேலே உள்ள தேதியும் தெரிய வேண்டும்.
- மேலாளர் போகச் சொன்ன மின்னஞ்சல்.
- வாடிக்கையாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தேதி எழுதிக் கொடுத்த கணக்குச் சரிபார்ப்புத் தாள்.
- அன்றைய பஸ் கட்டணத்துக்குப் போட்ட பயணப்படி வவுச்சர்.

இந்தக் கடைசி ஆவணத்தைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். நாகர்கோவில்–மார்த்தாண்டம் போய்வந்த கட்டணத்தை, 11-12-2025 என்று தேதி போட்ட வவுச்சரில் நிறுவனம் ஒப்புதல் கொடுத்துத் தந்துவிட்டது என்றால், அன்று பிற்பகல் நீங்கள் நிறுவன வேலையில் இருந்தீர்கள் என்பதை அதன் கணக்குப் பிரிவே ஒப்புக்கொண்டது என்று பொருள். அரை நாள் லீவில் இருந்தவருக்குப் பயணப்படி கொடுக்க மாட்டார்கள்.

கைபேசியின் இருப்பிட வரலாறு, செல்ஃபி, உடன் வேலை செய்பவர் எழுதிக் கொடுத்த சாட்சி ஆகியவை முதல் கடிதத்தில் வேண்டாம். மேலே உள்ளவற்றில் இரண்டு இருந்தாலே போதும்.

போர்ட்டலில் விடுபட்ட பஞ்சைச் சரிசெய்ய ரெகுலரைஸ் விண்ணப்பம் இருக்கும், அதற்குக் கெடுவும் இருக்கும். கெடு முடியவில்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். கடிதம் இல்லாமலே முடிந்துவிடலாம். முடிந்துவிட்டால், போர்ட்டல் விண்ணப்பத்தை ஏற்கவில்லை என்று காட்டும் திரையை எடுத்து இணையுங்கள். "ஏன் போர்ட்டலில் போடவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

## 6. கடிதத்தை எழுதுங்கள்

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். முதலில் கோரிக்கை, பிறகு கணக்கு, பிறகு தேதிவாரியாகக் காரணம், கடைசியில் எதற்குள் பதில் வேண்டும் என்பது. பொருள் வரியிலேயே தேதிகளும் நாள் எண்ணிக்கையும் இருக்கட்டும். பெறுகிறவர் மறுபடி தேடும்போது கண்ணில் படும். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்து தமிழ் படிக்க ஆள் இல்லையென்றால் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரிசை இதேதான்.

மாதிரி:

அனுப்புநர்: பெயர், பணியாளர் எண், கணக்கு உதவியாளர், நாகர்கோவில் கிளை.

பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.

வழி: கிளை மேலாளர், நாகர்கோவில்.

நாள்: 05-01-2026

பொருள்: 03-12-2025, 11-12-2025 ஆகிய நாள்களுக்குக் கழிக்கப்பட்ட 1.5 நாள் விடுப்பு – ஈட்டிய விடுப்பு இருப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

31-12-2025 அன்று எனது ஈட்டிய விடுப்பு இருப்பு 15.5 நாள் என்று காட்டப்பட்டுள்ளது. அது 17 நாளாக இருக்க வேண்டும். 1.5 நாளை ஈட்டிய விடுப்புக் கணக்கில் வரவு வைத்து, 01-01-2026 தொடக்க இருப்பையும் அதற்கேற்பத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். (இந்த இடத்தில் மூன்றாம் பகுதியில் உள்ள அட்டவணை.)

03-12-2025: கிளை மேலாளரின் சுற்றறிக்கைப்படி அன்று கிளைக்கு விடுமுறை (இணைப்பு 1). ஈடான வேலை நாளான 13-12-2025 அன்று 9.18 முதல் 5.52 வரை பணியில் இருந்தேன் (இணைப்பு 2, 13-ஆம் தேதி வரி). அன்றைக்கு 1 நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்பட்டுள்ளது (இணைப்பு 3, வரி 1).

11-12-2025: காலை 9.24-க்குப் பணிக்கு வந்தேன் (இணைப்பு 4). பிற்பகல் 2.30 முதல் 5.40 வரை மார்த்தாண்டத்தில் வெளிப்பணியில் இருந்தேன் (இணைப்பு 5: வெளிப்பணிப் பதிவேடு; இணைப்பு 6: ஒப்புதல் பெற்ற பயணப்படி வவுச்சர்). அன்றைக்கு அரை நாள் கழிக்கப்பட்டுள்ளது (இணைப்பு 3, வரி 2). ரெகுலரைஸ் விண்ணப்பத்துக்கான கெடு முடிந்ததால் போர்ட்டல் ஏற்கவில்லை (இணைப்பு 7).

19-12-2025, 29-12-2025 ஆகிய இரண்டு நாளும் நான் தற்செயல் விடுப்பு எடுத்தது உண்மை (இணைப்பு 8). மேற்கண்ட 1.5 நாள் கழிக்கப்படாமல் இருந்திருந்தால் இந்த இரண்டு நாளுக்கும் தற்செயல் விடுப்பே போதுமானதாக இருந்திருக்கும். அதனால்தான் திருத்தத்தை ஈட்டிய விடுப்பில் கோருகிறேன்.

திருத்தம் செய்ததையோ, செய்ய இயலாதெனில் அதற்கான விதியையோ 20-01-2026-க்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, (கையெழுத்து, பெயர்)

மாதிரியில் எங்கும் "நீங்கள் கழித்துவிட்டீர்கள்" என்று இல்லை, "கழிக்கப்பட்டுள்ளது" என்றே இருக்கிறது. கழித்தது மென்பொருள், கடிதத்தைப் படித்துத் திருத்தப் போகிறவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் அவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். தொழிலாளர் துறைக்குப் போவேன் என்ற வரியும் முதல் கடிதத்தில் வேண்டாம். "விதியைத் தெரிவிக்கவும்" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுப்பு வந்தால் அது காரணத்தோடு வர வேண்டும். அந்தக் காரணத்துக்குத்தான் அடுத்த கடிதத்தில் பதில் எழுத முடியும்.

## 7. இணைப்புகளை அடுக்குங்கள்

கடிதத்தில் வரும் வரிசையிலேயே இணைப்புக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் "இணைப்பு 3" என்று எழுதி, சுட்டும் வரியின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். மஞ்சள் மையால் பூசினால் ஜெராக்ஸில் சில சமயம் கறுப்புப் பட்டையாகி எழுத்தே மறைந்துவிடும். மாத வருகைத் தாளை முழுதாக வையுங்கள். உங்களுக்குத் தேவையான வரியை மட்டும் வெட்டி ஒட்டினால், மீதியில் என்ன மறைத்தார் என்ற எண்ணம் வரும்.

மூலத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நகலில் கையெழுத்திட்டுத் தேதி போட்டுக் கொடுங்கள். மற்ற ஊழியர்களின் பெயர், வருகை தெரியும் பக்கமாக இருந்தால் அவர்கள் வரிகளை மறைத்துவிடுங்கள்.

## 8. கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள்

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் "பெறப்பட்டது" என்று கையெழுத்து, தேதி, முத்திரை வாங்குங்கள். அதே நாளில், கடிதத்தையும் இணைப்புகளையும் ஒரே பி.டி.எஃப். ஆக மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கிளை மேலாளருக்கு நகல். கடிதம் கிளை மேசையிலேயே தங்கிவிட்டாலும் தலைமை அலுவலகத்துக்குத் தேதியோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

முத்திரை போட மறுத்தால் தகராறு செய்ய வேண்டாம், தபாலில் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட்டோடு பதிவு வசதியும், சேர்த்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைக் கடிதப் பிரதியோடு பின் குத்தி வையுங்கள்; வெப்பத்தாளில் அச்சான ரசீது மங்கும் என்பதால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

## 9. பதிலைச் சரிபாருங்கள், வராவிட்டால் அடுத்த கடிதம்

"திருத்தப்பட்டது" என்று பதில் வந்தால் அதோடு விடாமல் லெட்ஜரை மறுபடி இறக்குங்கள். வரவு இ.எல்.-இல் விழுந்திருக்கிறதா, 1.5 முழுதாக இருக்கிறதா, ஜனவரித் தொடக்க இருப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பர் லெட்ஜரில் 17 ஆக்கிவிட்டு ஜனவரித் தொடக்கத்தை 15.5-இலேயே விட்டிருப்பது அடிக்கடி நடக்கும். ஆண்டு மாறும்போது இருப்பை ஒரு முறைதான் மென்பொருள் கொண்டுபோகிறது. பிறகு பின்னால் போய்த் திருத்தினால் அது தானாக முன்னால் வராது.

"டிசம்பர் மாதத்தை மூடிவிட்டோம், மாற்ற முடியாது" என்று வந்தால், மூடிய மாதத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நடப்பு மாதத்தில் "டிசம்பர் 2025 திருத்தம்" என்ற குறிப்போடு 1.5 நாள் இ.எல். வரவுப் பதிவு போடக் கேளுங்கள். மூடிய மாதத்தைத் தொடாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் ஒப்புக்கொள்வது எளிது.

கெடு தேதி வரை ஒன்றும் வராவிட்டால், முதல் கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு நான்கு வரியில் நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அல்லது காரணமில்லாமல் மறுத்தால், இரண்டு கடிதத்தையும் பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தை அணுகலாம்.

போகுமுன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு தருகிறது. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நோய் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள் வரை, தற்செயல் விடுப்பு 12 நாள் வரை தனி. உங்கள் நிறுவனம் இதற்கு மேல் தரும் லீவ், நிறுவனத்தின் சொந்த விதியிலிருந்து வருவது. கழிந்த நாள் சட்டம் தரும் அளவுக்குள் வருகிறது என்றால் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். அதற்கு மேல் என்றால் நிறுவனத்தின் லீவ் விதிப் பக்கத்தையும், டிசம்பர் 3-க்கு விடுமுறை விட்ட அதே சுற்றறிக்கையையும் முன்னால் வைத்து மனு எழுதுங்கள்.